சீனத்துல ஒரு அறுபதாம் பிறந்தநாள் வாழ்த்து: அக்கா சொன்ன நாலு வரி

இந்த எபிசோடு ஒரு போன்காலில் இருந்து ஆரம்பிக்குது.

சிங்கப்பூர்ல இருக்கிற என் அக்கா போன வருஷம் ஒருநாள் ராத்திரி கூப்பிட்டுச்சு. அத்தான் சிங்கப்பூர்ச் சீனர். அவரோட அப்பாவுக்கு அறுபது. ஓட்டல்ல வட்ட மேசை போட்டு விருந்து. பிள்ளைங்க, மருமக்கள் ஒவ்வொருத்தரா எழுந்து வாழ்த்து சொல்லணும். "கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சுடா. மாமாகிட்ட சீனத்துல நான் பேசினதெல்லாம் 'சாப்பிட்டாச்சா' மட்டும்தான். அன்னைக்கும் இங்கிலீஷ்ல பேசினா விருந்தாளி மாதிரி இருக்கும்"னு சொல்லுச்சு.

அக்காவும் நானும் சேர்ந்து தமிழ்ல யோசிச்சோம். முதல்ல வந்தது நம்ம ஊர் ஃப்ளெக்ஸ் வாசகம்: "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்." ரெண்டாவது, "நூறாண்டு வாழ்க." அத்தானை வீடியோகாலில் பிடிச்சுக் கேட்டோம். ரெண்டுமே சரிவராதுன்னுட்டார். ஏன்னு புரிஞ்சுக்கப் போனதுதான் இந்த எபிசோடு.

முதல் வாசகத்தை எடுத்துப்போம். நம்ம வீடுகள்ல வாழ்த்து பெரியவங்க கையிலிருந்து சின்னவங்க தலைக்கு வரும். அறுபதாம் கல்யாணத்துல கூட நாம போய்க் கால்ல விழுந்து ஆசி வாங்குவோம். சீனக் குடும்பங்கள்லயும் குனிஞ்சு வணங்குற வழக்கம் உண்டு. ஆனா வணங்குறவங்கதான் வாயால வாழ்த்தும் சொல்லணும். பிள்ளைங்க சொல்ற நீண்ட ஆயுள் வாழ்த்து, அப்பாவுக்குச் சேர வேண்டிய மரியாதை. "எனக்கு வயதில்லை"ன்னு ஒதுங்கினா, செய்ய வேண்டியதைச் செய்யாத மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது, நூறாண்டு. அப்படியே ஒரு சீனத் தொடர் இருக்கு: "சாங் மிங் பாய் சுய்." நூறு வயசு நீண்ட ஆயுள்னு அர்த்தம். பிரச்சினை என்னன்னா, அதை அதிகமா சொல்றது கைக்குழந்தைங்களுக்கு. குழந்தை கழுத்துல போடுற வெள்ளிப் பூட்டுத் தாயத்துல அது பொறிச்சிருக்கும். பெரியவருக்குச் சொன்னா சிலர் சிரிச்சுக்கிட்டே வாங்கிப்பாங்க. ஆனா ஆயுளுக்கு ஒரு எல்லை போட்ட மாதிரியும் கேட்கும். தொண்ணூத்தெட்டு வயசு தாத்தாவுக்கு "நூறு வயசு வாழ்க"ன்னா, ரெண்டு வருஷம்தான்னு சொல்ற மாதிரி இல்லையா?

அதனால பெரியவங்களுக்கான வாழ்த்துல எண்ணுக்குப் பதிலா பெரும்பாலும் இயற்கை வரும். "ஃபூ ரு துங் ஹாய், ஷோவ் பி நான் ஷான்." பாக்கியம் கிழக்குக் கடல் மாதிரி, ஆயுள் தெற்கு மலைக்கு நிகர். நாலு அசை, நாலு அசை. முதல் பாதியில 'பாக்கியம்' நிக்கிற இடத்துல ரெண்டாவதுல 'ஆயுள்', 'கிழக்குக் கடல்' இருக்கிற இடத்துல 'தெற்கு மலை'. இந்தச் சமநிலைதான் அதுக்கு அழகு. ஒரு பாதியை மட்டும் சொன்னா பாட்டைப் பாதியில நிறுத்தின மாதிரி இருக்கும்.

இயற்கையிலயும் கவனம் வேணும். பைன் மரமும் நாரையும் சேர்ந்து நின்னா நீண்ட ஆயுள். பிறந்தநாள் ஓவியங்கள்ல பார்க்கலாம். ஆனா "நாரை மேல ஏறி மேற்கே போனார்"னா இறந்துட்டார்னு அர்த்தம். "நாரை போல உயரப் பறங்கள் அப்பா"ன்னு நாமளா கவிதை எழுதினா மேசையே அமைதியாயிடும். புதுசா உருவகம் கண்டுபிடிக்காம, பழகின தொடரை அப்படியே எடுக்கிறதுதான் பத்திரம்.

இப்போ வயசுக் கணக்கு. அத்தானோட அப்பாவும் எங்க அப்பாவும் 1966-ல பிறந்தவங்க. அவருக்கு விருந்து 2025-ல முடிஞ்சுது. எங்க அப்பாவுக்கு இந்த 2026-லதான். காரணம், பழைய சீனக் கணக்குல பிறக்கும்போதே வயசு ஒண்ணு. ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் ஒண்ணு கூடும். அப்போ 1966-ல ஒண்ணு, 2025-ல அறுபது. எல்லா வீட்லயும் இப்படி எண்றதில்லை, அதனால வாழ்த்துல "அறுபது"ன்னு போடுறதுக்கு முன்னாடி அந்த வீட்ல எந்தக் கணக்குன்னு கேட்டுக்கணும்.

அறுபதுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? எஞ்சினியருக்குப் பிடிச்ச விஷயம் இதுதான். சீன ஆண்டுப் பெயர்ல ரெண்டு வரிசை ஒண்ணா ஓடுது. ஒண்ணு பத்துல திரும்பும், இன்னொண்ணு பன்னிரண்டுல. ரெண்டும் ஒரே இடத்துல மறுபடி சேர மீ.சி.ம., அதாவது அறுபது வருஷம் ஆகும். 1966 "பிங் வு", நெருப்புக் குதிரை ஆண்டு. மறுபடி அது வந்தது 2026-ல. நம்ம பக்கமும் அதே அறுபது: 1966 சித்திரையில பிறந்த பராபவ ஆண்டு, 2026 சித்திரையில திரும்ப வந்திருக்கு. ரெண்டு சுழற்சியும் வேற வேற வருஷத்துல தொடங்குது, ஆனா ஒரு மனுஷன் தான் பிறந்த ஆண்டின் பெயரை மறுபடி சந்திக்கிறதுக்கு ரெண்டு பக்கமும் ஒரே நீளம்தான்.

சரி, அக்கா கடைசியா சொன்னது இதுதான்:

```
爸爸,六十大寿快乐!
祝您福如东海,寿比南山。
这些年,您为这个家辛苦了。
愿您身体健康,天天开心。
```

முதல் வரி, "அப்பா, அறுபதாம் பெருவிழா வாழ்த்துகள்." சாதாரணப் பிறந்தநாளுக்கான சொல் இல்லை இது, 'ஷோவ்'ங்கிற ஆயுள் சொல் வருது. வழக்கமா அறுபதுல இருந்துதான் அதைப் போடுவாங்க, நாப்பது வயசு மேனேஜருக்குப் போடாதீங்க. ரெண்டாவது வரி நாம பார்த்த கடலும் மலையும். கடைசி வரி, "உடம்பு நல்லா இருக்கணும், தினமும் சந்தோஷமா இருக்கணும்."

மூணாவது வரிதான் முக்கியம். "இத்தனை வருஷமா இந்தக் குடும்பத்துக்காகக் கஷ்டப்பட்டிருக்கீங்க." சீனத்துல "சின் கு லெ"ன்னா நேரடியா நன்றி சொல்றது இல்லை, உங்க உழைப்பை நான் பார்த்தேன்னு சொல்றது. கடலும் மலையும் யாருக்கு வேணும்னாலும் பொருந்தும். இந்த வரி இந்த அப்பாவுக்கு மட்டும்.

டைப் பண்றவங்களுக்கு ஒண்ணு: மேலே இருக்கிறது சிங்கப்பூர், மலேசியா, சீனாவுல புழங்குற எளிய எழுத்து. தைவான், ஹாங்காங் குடும்பம்னா பழைய எழுத்து வேணும். அங்க 寿-ஐ 壽-ன்னு எழுதுவாங்க.

உச்சரிப்புல நமக்கு ஒரு லாபம் இருக்கு. இங்கிலீஷ்ல b-ன்னு எழுதுற 'பாபா'வை நம்ம "பாட்டு"ல வர்ற 'பா' மாதிரி சொல்லணும், d-ன்னு எழுதுற 'துங்'கை "துணி"ல வர்ற 'து' மாதிரி. நமக்குப் பழகின ஒலி. சிக்கல் தொனியில. 'ஃபூ' கேள்வி கேட்கிற மாதிரி மேலே ஏறும். 'ஷோவ்' அதட்டுற மாதிரி சட்டுன்னு கீழே இறங்கும். அக்கா இந்த ரெண்டை மட்டும் ஒரு வாரம் சமையல்கட்டுல சொல்லிப் பார்த்துச்சு.

விருந்துல என்ன ஆச்சு? ரெண்டாவது வரியில அக்காவுக்குத் தொனி தப்பிடுச்சாம். சின்னப் பசங்க சிரிச்சுட்டாங்க. மூணாவது வரிக்கு யாரும் சிரிக்கலை. மாமா எதுவும் சொல்லலை. வெட்டாம சாப்பிட வேண்டிய அந்த நீள நூடுல்ஸை முதல்ல அக்கா கிண்ணத்துல எடுத்து வெச்சார்.

எங்க அப்பாவுக்கு வர்ற ஆனியில அறுபதாம் கல்யாணம். திருக்கடையூர் போகலாம்னோம். "எதுக்கு அவ்ளோ தூரம், நம்ம திருக்கோகர்ணத்துல பிரகதாம்பாள் சன்னதி இருக்கே"ன்னுட்டார். அக்காவும் அத்தானும் வர்றாங்க. அத்தான் தமிழ்ல ஒரு வரி கேட்டிருக்கார். "வாழ்த்த வயதில்லை"யை அவருக்கு எப்படிப் புரியவைக்கிறதுன்னு இப்போ நான் யோசிச்சுட்டு இருக்கேன்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.