நீண்ட மருத்துவ விடுப்புக்குப் பின் வேலைக்குத் திரும்புகிறீர்களா? மேலாளருக்கு எழுத வேண்டிய மின்னஞ்சல்

மூன்று மாதம் மருத்துவ விடுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் மேலாளருக்கு ஒரே வரிதான் அனுப்புகிறார்கள்: "பாஸ், எம்சி முடிஞ்சிருச்சி, திங்கட்கிழமை வர்றேன்." மேலாளரும் "ஓகே, வெல்கம் பேக்" என்று பதில் போட்டுவிடுவார். இருவருக்கும் நல்ல மனம்தான். ஆனால் திங்கட்கிழமை வருபவர் பழைய ஆளாகவே வருகிறார் என்று மேலாளர் நினைத்துக்கொள்வார். தன் உடல் நிலை அவருக்குத் தெரியும், பார்த்து வேலை கொடுப்பார் என்று வருபவர் நினைத்துக்கொள்வார். இரண்டாவது வாரத்திலேயே மனக்கசப்பு வந்துவிடும்.

நம் நாட்டில் குணமாகி வரும் ஊழியருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை நேரத்தைக் கூட்டிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே இது பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். பேச்சுக்கு அடித்தளம் ஒரு தெளிவான மின்னஞ்சல்.

உதாரணத்துக்கு, கிள்ளானில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கிராணியாக வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஏழு ஆண்டு சேவை. காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, மதியம் ஒரு மணி நேர இடைவேளை, வாரம் ஐந்து நாள்; மொத்தம் 45 மணி நேரம். இருதய பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டு வாரம் ஆகப் போகிறது. வீட்டில் நன்றாக நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் சந்தைக்குப் போய் வந்தால் மறுநாள் படுத்துவிடுகிறார்.

அந்த "மறுநாள்" முக்கியமானது. பெரிய சிகிச்சைக்குப் பின் வரும் களைப்பு சில நேரம் வேலை செய்யும்போதே தெரிவதில்லை; அடுத்த நாள் காட்டலாம். முதல் நாள் உற்சாகத்தில் முழு நேரமும் உட்கார்ந்துவிட்டு, புதன்கிழமை மறுபடியும் எம்சி எடுப்பவர்கள் இதனால்தான் சிக்குகிறார்கள்.

மின்னஞ்சலுக்கு முன்னால் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும். பல கிளினிக்குகள் "லைட் டூட்டி, ஒரு மாதம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடும். அது மேலாளருக்கு எதையும் சொல்வதில்லை. ஐந்து கிலோ பெட்டி லைட் டூட்டியா? மூன்றாம் மாடிக்குப் படியேறுவது லைட் டூட்டியா? அதனால் மருத்துவரைப் பார்க்கும்போதே தன் வேலை என்ன என்பதை அரைத் தாளில் எழுதிக் கொண்டுபோவது நல்லது: எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு எடை தூக்க வேண்டும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வேண்டுமா, இரவு ஷிஃப்ட் உண்டா. பைபாஸ் செய்தவருக்கு நெஞ்செலும்பை அறுத்துச் சேர்த்திருப்பார்கள். அது நன்றாகக் கூட இரண்டு மூன்று மாதமாகும். எடை தூக்குவதற்கும் வாகனம் ஓட்டுவதற்கும் எப்போதிலிருந்து அனுமதி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதை எண்ணோடும் தேதியோடும் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது அட்டவணை. நம் கிராணியின் திட்டம் எட்டு வாரத்துக்கானது. முதல் இரண்டு வாரம் திங்கள், புதன், வெள்ளி மட்டும், தினம் நான்கு மணி நேரம். இடையில் ஒவ்வொரு நாள் ஓய்வு விடுவதே அந்த "மறுநாள்" களைப்புக்காகத்தான். மூன்றாம், நான்காம் வாரம் ஐந்து நாளும் வருவார், ஆனால் அதே நான்கு மணி நேரம். ஐந்தாம், ஆறாம் வாரம் ஆறு மணி நேரம். ஏழாம், எட்டாம் வாரம் முழு நாள், புதன்கிழமை மட்டும் ஓய்வு. ஒன்பதாம் வாரம் பழையபடி. நாளையும் நேரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால், உடம்பு தாங்காதபோது எது காரணம் என்று தெரியாமல் போகும்.

இப்போது பலரும் எழுதக் கூசும் விஷயம்: சம்பளம். எட்டு வாரத்தில் அவர் வராத நேரம் எவ்வளவு? 66, 50, 30, 18 என இரண்டிரண்டு வாரமாகக் கூட்டினால் 164 மணி நேரம். ஒன்பது மணி நேர நாளாகக் கணக்கிட்டால் 18 நாளுக்குச் சற்று மேல். ஐந்தாண்டுக்கு மேல் சேவை செய்தவருக்குச் சட்டப்படி ஆண்டு விடுப்பு குறைந்தது 16 நாள். "விடுப்பில் கழித்துக்கொள்ளலாம்" என்று மேலாளர் சாதாரணமாகச் சொல்லி, ஊழியரும் தலையாட்டினால், தீபாவளிக்கு எடுக்க ஒரு நாள்கூட மிஞ்சாது. இதை முதல் நாளுக்கு முன்பே எழுத்தில் முடிவு செய்யாவிட்டால் மாதக் கடைசியில் சம்பளச் சீட்டுதான் முடிவைச் சொல்லும்.

அவர் அனுப்பும் மின்னஞ்சல் இப்படி இருக்கலாம். அலுவலகத்துக்கு ஏற்றபடி ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதிக்கொள்ளலாம்.

தலைப்பு: வேலைக்குத் திரும்புதல் – எட்டு வாரத் திட்டம், உங்கள் ஒப்புதலுக்கு

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

என் மருத்துவ விடுப்பு இம்மாதம் முடிகிறது. அடுத்த மாத முதல் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப மருத்துவர் அனுமதித்துள்ளார். அவரது கடிதத்தை இணைத்துள்ளேன். முழு நேரத்துக்கு ஒரேயடியாக வராமல், கீழ்க்கண்டபடி வர விரும்புகிறேன்.

வாரம் 1, 2: திங்கள், புதன், வெள்ளி, காலை 8.30 முதல் 12.30 வரை.
வாரம் 3, 4: ஐந்து நாளும், அதே நேரம்.
வாரம் 5, 6: ஐந்து நாளும், ஆறு மணி நேரம்.
வாரம் 7, 8: புதன் தவிர நான்கு நாள், முழு நேரம்.
வாரம் 9 முதல்: பழையபடி 45 மணி நேரம்.

இக்காலத்தில் சரக்கு வரவுப் பதிவு, டெலிவரி ஆர்டர் சரிபார்ப்பு, சப்ளையர்களுக்குத் தொலைபேசி ஆகியவற்றை நான் பார்த்துக்கொள்வேன். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்குவதும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதும் மருத்துவர் அனுமதிக்கும் வரை என்னால் இயலாது. மாதாந்திர ஸ்டாக் கணக்கெடுப்பை ஒன்பதாம் வாரத்திலிருந்து ஏற்கிறேன். அதுவரை அதை யார் செய்வார் என்பதைத் தாங்கள் முடிவு செய்ய வேண்டுகிறேன்.

மூன்றாம், ஏழாம் வார வியாழக்கிழமைகளில் எனக்கு மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட் உள்ளது.

இத்திட்டப்படி நான் வராத நேரம் சுமார் 18 நாள். அதில் 8 நாளை ஆண்டு விடுப்பில் கழிக்கச் சம்மதிக்கிறேன். மீதிக்குச் சம்பளம் எப்படி என்பதை மனிதவளப் பிரிவுடன் பேசி, நான் வருவதற்கு முன் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இது தற்காலிக ஏற்பாடு. என் பதவியும் மற்ற வேலை நிபந்தனைகளும் மாறவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நான்காம் வார வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் உட்கார்ந்து, திட்டம் சரியாகப் போகிறதா என்று பார்க்கலாம். ஒரு கட்டம் கடினமாக இருந்தால், அதே கட்டத்தில் இன்னொரு வாரம் இருக்க அனுமதி வேண்டுகிறேன்.

நன்றி.

இந்த மின்னஞ்சலில் என்ன நோய் என்றே இல்லை. மேலாளருக்குத் தெரிய வேண்டியது நெஞ்சில் எத்தனை அடைப்பு என்பதல்ல. எதைச் செய்ய முடியும், எதை முடியாது என்பதுதான். சொல்ல விரும்புகிறவர் சொல்லலாம். ஆனால் மின்னஞ்சல் பலருக்கும் ஃபார்வர்ட் ஆகும் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்று, வேலைகளைப் பெயர் சொல்லிப் பிரித்திருப்பது. நேரம் பாதியானாலும் வேலை பாதியாகாமல் போவதுதான் இத்தகைய ஏற்பாடுகளைக் கெடுக்கும் முதல் காரணம். 12.30க்கு எழ வேண்டியவர் இரண்டு மணி வரை இருக்கிறார், மதிய மருந்து தள்ளிப்போகிறது, சனி ஞாயிறு முழுக்கப் படுக்கையிலேயே போகிறது என்றால் திட்டம் காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். நான்காம் வாரம் வரை காத்திருக்காமல் அப்போதே சொல்ல வேண்டும். மூச்சு வாங்குதல், கால் வீக்கம், நெஞ்சு வலி என்றால் மேலாளரிடம் அல்ல, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மேலாளர் பதிலே போடாவிட்டால்? அங்கே சட்டம் கொஞ்சம் உதவுகிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றக் கேட்டு ஊழியர் எழுத்துபூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மறுக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. தவிர, 60 நாள் என்பது நீண்ட காலம். ஆகவே விடுப்பு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே, தேறும் அறிகுறி தெரிந்தவுடன், முதல் மின்னஞ்சலை அனுப்புவது புத்திசாலித்தனம். இந்தச் சட்டம் தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரியது. சபா, சரவாக்குக்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

வேலையிடத்து விபத்தாலோ தொழில் சார்ந்த நோயாலோ விடுப்பில் இருந்தவர்கள் பெர்கேசோவையும் அணுக வேண்டும். அங்கே 2007 முதல் வேலைக்குத் திரும்பும் திட்டம் ஒன்று நடக்கிறது. அதில் ஊழியருக்கென ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டு, மருத்துவரோடும் முதலாளியோடும் பேசி ஏற்பாடு செய்வார். மேலாளரோடு நேரில் பேசத் தயங்குபவர்களுக்கு இது பெரிய துணை.

தோட்டத்தில் நிலைமை வேறு. செம்பனைக் குலை வெட்டுபவருக்குக் கூலி வெட்டிய அளவுக்குத்தான் என்றால், வேலை குறைந்தால் வருமானமும் தானாகக் குறையும். அவர் கேட்க வேண்டியது மணி நேரம் அல்ல, வேறு வேலை: நாற்று மேடையிலோ அலுவலகத்திலோ ஸ்டோரிலோ நாள் சம்பளத்துக்கு, எத்தனை வாரம், நாளுக்கு எவ்வளவு என்று. மின்னஞ்சல் இல்லாவிட்டால் இதையே வாட்ஸ்அப்பில் எழுதி மண்டோருக்கு மட்டுமல்லாமல் தோட்ட அலுவலகத்துக்கும் அனுப்பலாம்.

மேலாளர் தொலைபேசியில் "எல்லாம் ஓகே, கவலைப்படாதே" என்று சொன்னால் அன்றே இரண்டு வரி அனுப்பிவிட வேண்டும்: "இன்று பேசியபடி, எட்டு வாரத் திட்டத்துக்கும் 8 நாள் விடுப்புக் கழிவுக்கும் ஒப்புக்கொண்டதற்கு நன்றி. மீதி நாள்களின் சம்பளம் பற்றிய பதிலுக்குக் காத்திருக்கிறேன்." அதன் நகலைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கும் அனுப்பி வைத்துக்கொள்ள வேண்டும், மேலாளர் மாறிப் போனால் அடுத்து வருபவரிடம் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.