தடித்த விரலுக்கு டெனர்தானா?

"உங்க விரல் தடிமனா இருக்கு சார், டெனர் எடுத்துக்குங்க" என்று யுகுலேலே விற்பவர் சொன்னால், உடனே பணத்தை எடுத்து நீட்டிவிட வேண்டாம். அவர் சொல்வது பாதிதான் சரி.

சொப்ரானோ, கான்செர்ட், டெனர் மூன்றுக்கும் நான்கு தந்திகள்தான். வழக்கமாக ஜி, சி, இ, ஏ என்று ஒரே மாதிரிதான் சுருதி சேர்ப்பார்கள். ஒன்றில் பழகிய கார்டு மற்றதிலும் அப்படியே வரும். மாறுவது தந்தி அதிரும் நீளம்: சொப்ரானோவில் சுமார் 34 செ.மீ., கான்செர்ட்டில் 38, டெனரில் 43. நீளம் கூடினால் ஃபிரெட்டுகள் தள்ளித் தள்ளி அமையும். ஆனால் தந்திக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது கழுத்தின் உச்சியில் இருக்கும் நட் என்ற சிறு பட்டையின் அகலம். 35 மி.மீ. நட் வைத்த டெனரும் உண்டு, 38 மி.மீ. வைத்த சொப்ரானோவும் உண்டு. தடித்த விரல்காரர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

கடையிலேயே டி கார்டு பிடித்துப் பாருங்கள். இரண்டாம் கட்டத்தில் ஜி, சி, இ தந்திகள்மேல் மூன்று விரல்கள் முண்டியடித்து நிற்க வேண்டும். அந்தக் கட்டத்தின் நீளம் சொப்ரானோவில் 1.8 செ.மீ., டெனரில் 2.3. தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டுங்கள். விரல் வைக்காத ஏ தந்தி 'டொக்' என்று செத்து ஒலித்தால், மோதிர விரல் அதை உரசுகிறது என்று அர்த்தம். அடுத்து, ஆள்காட்டி விரலை ஒரு தந்தியின் முதல் கட்டத்தில் வைத்து, சுண்டு விரலை அதே தந்தியின் ஐந்தாம் கட்டத்துக்கு நீட்டுங்கள். டெனரில் சொப்ரானோவைவிட இரண்டு சென்டிமீட்டர் போல அதிகமாக விரிய வேண்டியிருக்கும். மணிக்கட்டு முறுக்கிக்கொண்டால் டெனர் உங்களுக்குப் பெரிது. விரல் நுனி தடிமன், ஆனால் விரல்கள் குட்டை என்றால், கடைக்காரர் சொன்ன டெனரைவிட 38 மி.மீ. நட் உள்ள கான்செர்ட் ஒத்துவரும்.

நாதத்துக்கும் இந்த நீளத்தோடு தொடர்பு உண்டு. ஒரே தந்தியை அதே சுருதியில் நீளமான கருவியில் கட்டினால் இழுவிசை கூடும். சொப்ரானோவிலிருந்து டெனருக்குப் போனால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. டெனருக்கென்று வரும் தந்திகளும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். விரலுக்கு அழுத்தம் கூடுதலாக வேண்டும். பதிலுக்கு, பெரிய குடத்திலிருந்து கனமாக, நின்று ஒலிக்கும் நாதம் கிடைக்கும். ஹவாயின் ஜேக் ஷிமாபுகுரோ வாசிப்பது டெனர்தான். சொப்ரானோவின் ஒலி துள்ளலானது, சட்டென்று அடங்கிவிடும். கார்டுகளைத் தட்டிப் பாடுவதற்கு, என் காதுக்கு, அதுதான் அழகு. ஆனால் தந்தி தளர்வு. புதியவர்கள் பயத்தில் அழுத்திப் பிடித்தால் சுருதி மேலே ஏறிவிடும். டியூனரில் சரியாகக் காட்டிய கருவி கார்டு பிடித்ததும் பிசிறடித்தால், கருவியைக் குறை சொல்வதற்கு முன் பிடியைத் தளர்த்திப் பாருங்கள்.

சொப்ரானோவை முன்கையால் நெஞ்சோடு அணைத்தே நின்றபடி வாசிக்கலாம். டெனருக்கு அது போதாது. கழுத்தைத் தாங்கவே இடது கை போய்விடும். அதை வாங்குபவர்கள் ஒரு ஸ்ட்ராப்பையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.