புன்னக்காயல் சேறு எப்படித் தங்குகிறது?

அலையாத்திக் காடு வளர்க்க 2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த ‘மிஷ்டி’ திட்டத்துக்கு ஐந்தாண்டுக் கெடு; இலக்கு 540 சதுர கிலோமீட்டர். கெடு நெருங்க நெருங்கக் கன்று நடும் விழாப் படங்கள் வருகின்றன, கூடவே வாசகர் கடிதங்களும். “தூத்துக்குடியில் நட்டால் அடுத்த புயலுக்குத் தப்பிவிடுவோமா?” என்பதுதான் பலரின் கேள்வி. அலையாத்தி என்றால் என்ன என்று பழையகாயல் பக்கம் போய் வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசு மொழியில் அது ‘உயிர் அரண்’. கன்று எண்ணிக்கையை வைத்து அளக்கப்படும் அரண். ஆனால் அந்த மரம் நிற்பது சேற்றின் மேல். சேறு தங்கும் விதத்தைப் பற்றி விழா மேடையில் யாரும் பேசுவதில்லை.

புன்னக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி கொண்டுவரும் வண்டலில் மிக நுண்ணிய களிமண் துகள் அசையாத நல்ல தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்கவே மூன்று நாள் ஆகும். கடலோ ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கும் வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கும் திரும்புகிறது. இந்தக் கணக்குப்படி ஒரு துகள்கூடக் கரையில் தங்கக்கூடாது.

தங்கவைப்பது உப்பு. நல்ல தண்ணீரில் துகள்கள் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். கழிமுகத்தில் உப்பு சேர்ந்ததும் அந்தத் தள்ளல் அடங்கி, துகள்கள் ஒட்டித் திரளாகின்றன. திரளுக்கு ஒரு மீட்டர் இறங்க ஒரு மணி நேரம் போதும். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குமுன் தண்ணீர் சற்று நேரம் அசையாமல் நிற்கும். அலையாத்தியின் மூச்சுவேர்கள் கம்பி நட்டதுபோல் நிற்கும் இடத்தில் அந்த ஓய்வு இன்னும் நீளும். முழங்கால் ஆழத் தண்ணீர் என்றால் அரை மணி நேரத்தில் திரள் தரையைத் தொட்டுவிடும்.

என்னை வியக்க வைப்பது இதற்கு அடுத்த கட்டம். படிந்த சேற்றைத் திரும்பக் கிளப்ப, அது படிந்தபோது இருந்ததைவிட வேகமான நீரோட்டம் வேண்டும். வற்றத்தில் வெயில் பட்டு இறுகி, மேலே பாசி படர்ந்துவிட்டால் அதைவிடவும் வேகம் வேண்டும். ஆகவே கடல் கொண்டுவந்ததில் கொஞ்சத்தை ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டுத்தான் போகிறது.

இந்தப் பொறி ஊர் பார்த்து வேலை செய்வதில்லை. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மார்க்கோ போலோ கண்ட காயலும் வண்டலுக்குத் தப்பவில்லை. மறுபக்கம், முத்துச் சிப்பிக் குஞ்சு ஒட்டிக்கொள்ளக் கடலடியில் கல் பார் வேண்டும். சேறு மூடிய பாரில் அது ஒட்டாது. கழிமுகத்தில் சேறு தங்குவது பாருக்கு நல்லது, துறைமுகத்துக்குக் கெடுதல்.

புயலுக்கு வருவோம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், 100 மீட்டர் அகல அலையாத்திக் காடு காற்றலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கிறது. புயலால் கடல் மட்டமே மேலெழுந்து உள்ளே வரும்போது கதை வேறு: ஒரு கிலோமீட்டர் காடு இருந்தாலும் குறைவது 5 முதல் 50 சென்டிமீட்டர்தான். தூத்துக்குடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு; அதனால் அலையாத்தி வளரும் பட்டையும் ஒடுங்கியது. அன்றாட அலைக்கு இது போதும், பெரும்புயலுக்குப் போதாது. 2018 நவம்பரில் கஜா வந்தபோது முத்துப்பேட்டைக் காடே அடிவாங்கியது.

இங்குதான் நடவு விழாமீது எனக்குச் சந்தேகம். வெறும் சேற்றுவெளியும் அலையை உராய்ந்து முன்கூட்டியே உடைக்கிறது. காலியாகக் கிடக்கிறது என்று அதன் தாழ்ந்த பகுதியில் நட்டால், நாளில் பெரும்பகுதி மூழ்கி நிற்கும் கன்று அழுகும். மேட்டில் தண்ணீர் தேங்கி உப்பேறிய இடத்தில் நட்டாலும் பிழைக்காது. உமரி மட்டும் முளைத்து, தரையில் உப்பு பூத்திருந்தால் அதுதான் அடையாளம். அங்கே முதலில் வெட்ட வேண்டியது வாய்க்கால். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தைத் திருப்பியது அப்படித்தான். அந்த வாய்க்காலையும் வண்டல் மூடும், தூர்வார வேண்டும்.

மற்ற கேள்விகள்:

2023 டிசம்பர் வெள்ளத்தைத் தடுத்திருக்குமா? இல்லை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது வானத்திலிருந்து.

சுனாமியில் காப்பாற்றியதா? பிச்சாவரம் பக்கத்து ஊர்களை வைத்து அப்படிச் சொன்ன ஆய்வு உண்டு. ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமுமே காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு.

வெட்டினால் மூன்று மடங்கு நட வேண்டுமாமே? 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை அப்படித்தான் சொல்கிறது. ‘வேறிடத்தில்’ நட்டாலே போதும் என்கிறது.

வண்டல் குறைகிறதா? பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் ஒரு பங்கைத் தம் அடியிலேயே வைத்துக்கொள்கின்றன.

உங்கள் ஊரில் நடவு நடந்தால் எத்தனை கன்று என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த இடம் நாளில் எத்தனை மணி நேரம் மூழ்கிக் கிடக்கிறது என்றும், மூன்றாம் ஆண்டில் அங்கே வந்து எண்ணப்போவது யார் என்றும் கேளுங்கள்.