படகைப் பார், கரையைச் சொல்

ஒவ்வொரு புயலின்போதும் கைபேசிகளில் சில படங்கள் சுற்றிவருகின்றன. கரையில் கவிழ்ந்து கிடக்கும் படகுகள், தடுப்புச் சுவரைத் தாண்டிச் சீறும் அலை, கீழே ஏதோ ஓர் ஊரின் பெயர். அந்தப் பெயர் சரிதானா என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சொல்லத் தெரியாது. எல்லாக் கடலும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. ஆனால் படத்தை ஒரு மீனவரிடம் நீட்டினால் அவர் கடலைப் பார்க்கமாட்டார். படகின் அடிப்பகுதியையும், எஞ்சின் பொருத்தியிருக்கும் விதத்தையும், சுருட்டி வைத்த வலையையும் பார்ப்பார். ஊர் தெரியாவிட்டாலும், எந்தக் கடற்கரை என்பதை அவரால் பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. அலையும் தரையும் எப்படியோ, படகும் அப்படியே அமைகிறது. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் குறைவு. திறந்த மணற்கரையில் அலை ஒன்றன்பின் ஒன்றாக உடைந்துகொண்டே இருக்கும். அதைத் தாண்டிக் கடலுக்குள் போகவும், திரும்பி வந்து மணலில் ஏறவும் உதவியது கட்டுமரம். செதுக்கிய மரத்துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவார்கள். உள்ளே புகும் நீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலரவைப்பார்கள். அதே கரையில் சென்னைக்கு ஒழுங்கான துறைமுகம் அமையும்வரை கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் இறக்கியவை மசூலா படகுகள். அவற்றின் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். தரையில் மோதும்போது உடையாமல் வளைந்துகொடுக்க வேண்டும் என்பதே காரணம்.

கோடியக்கரையைத் தாண்டிப் பாக் விரிகுடாவுக்குள் வந்தால் கதையே மாறிவிடுகிறது. அங்கே ஆழம் குறைவு, அலையும் குறைவு, தரை சேறு. அலையைத் தாண்டும் அவசியம் இல்லாததால் வத்தை என்ற குறுகலான பலகைப் படகு அங்கே வளர்ந்தது. பாய் விரித்து ஓடும்போது காற்று வரும் பக்கமாக ஒரு பலகையை நீட்டுவார்கள். படகு சாயாமலிருக்க அதன்மேல் ஆட்கள் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். கடலைக் கடந்து இலங்கையின் தென்மேற்குக் கரைக்குப் போனால், அதே வேலையை ஒருபக்கம் மட்டும் இணைத்த மிதவைக் கட்டை செய்கிறது. ஓரு என்று பெயர் கொண்ட அந்த ஓடத்தைப் படத்தில் பார்த்தால் தமிழ்நாட்டுக் கரையைச் சந்தேகிக்க வேண்டியதே இல்லை. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் இந்த வேறுபாடுகளையெல்லாம் கரை கரையாகப் பதிவுசெய்து 1920இல் வெளியிட்டார். பழைய புகைப்படங்களை அடையாளம் காண இன்றும் அவர் எழுதியதுதான் முதல் துணை.

இன்றைய படங்களில் மரம் அரிது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. கட்டுமரங்கள் ஒதுங்கின. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோலத் தெரிந்தாலும் எஞ்சின் காட்டிக்கொடுத்துவிடும். சோழமண்டலக் கரையின் ஃபைபர் படகுகளில் பரவலாகக் காண்பது டீசல் எஞ்சின். அதிலிருந்து ஒரு நீண்ட இரும்புத் தண்டு பின்னால் சாய்வாகப் போகும், அதன் நுனியில் விசிறி சுழலும். படகு மணலில் ஏறும் நேரத்தில் எஞ்சினின் கைப்பிடியை அழுத்தினால் தண்டு மேலே தூக்கிக்கொள்ளும், விசிறி தரையில் இடிக்காது. துறைமுகம் இல்லாத கரைக்கே உரிய ஏற்பாடு இது. திருவனந்தபுரம், கொல்லம் பக்கம் போனால் படகின் பின்பலகையில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளி எஞ்சின் செங்குத்தாக மாட்டியிருக்கும், பெரிய வள்ளமென்றால் ஒன்றுக்கு மேற்பட்டவை. குமரி முதல் திருவனந்தபுரம் வரையுள்ள கரையில் இன்னொரு அடையாளமும் உண்டு. ப்ளைவுட் பலகைகளைத் தைத்து, மேலே ஃபைபர் பூசிய வள்ளங்கள் அவை. 1980களில் முட்டம் பகுதியிலிருந்து பரவிய அந்தப் படகுகளின் பக்கங்கள் வார்த்த ஃபைபரைப்போல வழுவழுப்பாக வளையாமல், பலகைகள் சேரும் இடத்தில் மடிப்பு விழுந்து தெரியும்.

விசைப்படகு என்றால் முதலில் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இரும்புச் சட்டத்தில் இரண்டு கனமான பலகைகள் தொங்கினால் அது இழுவைப்படகு. கடலுக்கடியில் மடிவலையின் வாயை விரித்து வைப்பவை அந்தப் பலகைகள்தான். இழுவை மடி தரையைத் தொட்டு ஓடுவதால், அதிகப் பாறையில்லாத, ஆழம் குறைந்த கடலுக்கு அது ஏற்றது. இராமேசுவரம் படகுகளில் பெரும்பாலானவை இவ்வகை. பலகை இல்லாமல், வலைக்கும் ஐஸுக்கும் இடம் ஒதுக்கிய பெரிய படகு என்றால் ஆழ்கடலில் சுறாவும் சூரையும் தேடிப் பல நாட்கள் தங்கும் படகாக இருக்கலாம். ஆயிரங்கால் தூண்டில் போடும் தூத்தூர் வட்டாரத்துப் படகுகள் அப்படிப்பட்டவை.

கொச்சியின் சீன வலை எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அது ஆளை எளிதில் ஏமாற்றும். வேம்பநாட்டுக் காயல் நெடுகிலும் அஷ்டமுடிக் காயலிலும் அதே வலை உண்டு. வியட்நாமின் ஹோய் ஆன் பக்கத்து ஆற்று முகத்திலும் மிக ஒத்த வலை தெரியும். உற்றுப் பார்த்தால் பிரித்துவிடலாம். கொச்சியில் வலையைத் தாங்கும் மரக்கைகள் கரையிலிருந்து நீருக்குமேல் வளைந்து நீளும், மறுமுனையில் கயிறுகளில் கட்டிய பெரிய கற்கள் வரிசையாகத் தொங்கும். ஹோய் ஆனில் நீருக்குள் நட்ட நான்கு கம்பங்களில் வலையின் நான்கு மூலைகளும் கட்டியிருக்கும். ஓரத்துக் குடிசையில் இருப்பவர் சுழல் உருளையைச் சுற்றி அதைத் தூக்குவார். தொங்கும் கற்கள் இல்லாவிட்டால் கொச்சி என்று சொல்லத் தயங்க வேண்டும்.

எண்ணைப் படித்தால் போதாதா என்று தோன்றும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீன்பிடிப் படகுகளின் பதிவும் நிற அடையாளமும் கெடுபிடியாயின. IND-TN-10-MM என்று முகப்பில் தொடங்கினால் இந்தியா, தமிழ்நாடு, இராமேசுவரம் வட்டாரம், விசைப்படகு என்று படிக்கலாம். TN-15 என்றால் கன்னியாகுமரி மாவட்டம். MO என்றால் மோட்டார் பொருத்திய நாட்டுப்படகு. இலங்கையில் IMUL என்பது பலநாள் படகு, OFRP என்பது வெளி எஞ்சின் ஃபைபர் படகு. எண்ணின் கடைசியில் JFN வந்தால் யாழ்ப்பாணம், NBO வந்தால் நீர்கொழும்பு. கேரளத்து விசைப்படகுகளுக்கு உடல் கருநீலம், மாலுமி அறை ஆரஞ்சு.

ஆனால் எண் சொல்வது படகு பதிவான இடத்தை மட்டுமே. படம் எடுத்த இடத்தை அது சொல்லாது. TN-10 எண்கொண்ட படகுகள் வரிசையாக நிற்கும் படம் இராமேசுவரமாகவும் இருக்கலாம், இலங்கைக் கடற்படை பிடித்து வைத்திருக்கும் மயிலிட்டித் துறைமுகமாகவும் இருக்கலாம். 2017 ஓகி புயலில் திசைமாறி மகாராஷ்டிரத்தின் தேவ்காட் துறைமுகத்தில் கரைசேர்ந்த 60-க்கும் மேற்பட்ட படகுகளில் மிகப் பெரும்பாலானவை கேரளப் பதிவு எண் கொண்டவை. அந்த எண்களை மட்டும் நம்பியவர் படத்தைக் கேரளம் என்றே சொல்லியிருப்பார். எனவே நகரக்கூடிய எதையும் கடைசிச் சான்றாகக் கொள்ளக் கூடாது. படகு நகரும், வலை நகரும், பெயின்டும் மாறும். அலைத்தடுப்புச் சுவர், பள்ளிவாசல், கோயில் கோபுரம், கிரேன் ஆகியவைதான் இடத்தை உறுதிசெய்கின்றன.

கிரேனைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. கடல்நீருக்குமேல் நீண்ட கை நீட்டி, கப்பல் இல்லாதபோது அந்தக் கையைச் செங்குத்தாக மடக்கி வைத்திருப்பது கன்டெய்னர் கிரேன். அதற்குப் பின்னால் தரையிலேயே நடமாடுவது கிடங்கு கிரேன். கன்டெய்னரே இல்லாமல் வாளி மாதிரியான பிடிகொக்கிகளும், நெடுந்தூரம் ஓடும் கன்வேயரும், பக்கத்தில் புகைபோக்கியும் தெரிந்தால் அது நிலக்கரி இறக்கும் துறைமுகம். அனல்மின் நிலையத்துக்காக 2001இல் தொடங்கிய எண்ணூர் ஆரம்பத்தில் அவ்வகையாக இருந்தது. காசிமேட்டில் நெருக்கமாக நிற்கும் விசைப்படகுகளுக்குத் தெற்கே எழுவது சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் கிரேன்கள்.

ஒரு படத்தை முழுதாகப் படித்துப் பார்க்கலாம். முன்னால் ப்ளைவுட் வள்ளங்கள், பின்பலகையில் வெளி எஞ்சின்கள். சில படகுகளில் KL, சிலவற்றில் TN-15. பின்னால் பச்சைக் குன்று, கரையோரம் பள்ளிவாசல், தூரத்தில் வானுயர்ந்த கன்டெய்னர் கிரேன்கள். தலைப்பில் ‘ஓகி புயல், 2017’ என்று இருக்கிறது. வள்ளங்களும் எஞ்சின்களும் குமரிக்கும் கொல்லத்துக்கும் இடையே என்கின்றன. இரண்டு மாநில எண்களும் கலந்திருப்பது அதற்கு முரணல்ல, ஏனெனில் குமரிப் படகுகள் கேரளத்துத் துறைகளில் தங்கித் தொழில் செய்வது வழக்கம். அந்தக் கரையில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டியே கன்டெய்னர் கிரேன் நிற்கும் இடம் விழிஞ்சம். ஆக, இடம் கிடைத்துவிட்டது.

ஆண்டுதான் பொருந்தவில்லை. விழிஞ்சத்துக்குக் கிரேன்களைச் சுமந்துகொண்டு ஷென் ஹுவா 15 என்ற கப்பல் வந்தது 2023 அக்டோபரில். அதற்குமுன் அங்கே கன்டெய்னர் கிரேனே கிடையாது. சோதனை ஓட்டம் 2024 ஜூலையில் தொடங்கியது, துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது 2025 மே 2 அன்று. முதற்கட்டத்தில் நீரோரம் எட்டு கிரேன்கள் நின்றன. படத்தில் ஒன்றிரண்டு மட்டும் தெரிந்தால் அது ஆரம்ப மாதங்களில் எடுத்ததாக இருக்கலாம். படத்தின் ஓரம் மீதியை மறைக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு அந்த முடிவுக்கு வர வேண்டும். எப்படியானாலும் ‘ஓகி’ என்ற தலைப்பு தவறு.

இந்த வாசிப்பு தவறும் இடங்களும் உண்டு. கிரேன்களைக் கப்பலேற்றி வேறு துறைமுகத்துக்கு விற்றுவிடுகிறார்கள். அதனால் கிரேனின் நிறத்தையோ அதில் எழுதிய நிறுவனப் பெயரையோ மட்டும் நம்புவது ஆபத்து. தொலைவிலிருந்து பெரிய லென்ஸில் எடுத்த படத்தில் சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கிரேன் படகுக்கு மேலேயே நிற்பதுபோலத் தெரியும். ஆகவே கடைசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, தடுப்புச் சுவரின் வளைவும் கட்டடங்களின் வரிசையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இத்தகைய படங்கள் உங்கள் கைபேசிக்கும் வரும். கரையில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு தவறான ஊர்ப்பெயர் எவ்வளவு பதற்றத்தைத் தரும் என்பதை எண்ணி, பகிர்வதற்கு முன் படத்தைப் பெரிதாக்கிப் படகின் எண்ணையும் பின்னணியில் உள்ள கட்டடங்களையும் ஒருமுறை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே ஊரைச் சொல்லாவிட்டால், தெரிந்த மீனவர் ஒருவரிடம் காட்டிக் கேட்கும்வரை அனுப்பாதீர்கள்.