பக்கத்து அறைச் சத்தமும் பாதி ராத்திரி அறை மாற்றமும்

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இரவு, மதுரையில் ஒரு நடுத்தர ஓட்டல். மணி 11.20. ரிசப்ஷனுக்கு 304-ஆம் அறையிலிருந்து போன். "பக்கத்து ரூம்ல ஒரே பாட்டும் சிரிப்புமா இருக்கு. குழந்தை தூங்க மாட்டேங்குது. காலையில ரயிலுக்குப் போகணும் சார்." 305-இல் இருப்பது கல்யாணத்துக்கு வந்த உறவுக்கூட்டம். கற்பனையாக வைத்துக்கொண்ட நிலைமைதான். ஆனால் கல்யாண சீசனில் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த போன்.

இங்கே பல ரிசப்ஷன்காரர்கள், "சொல்லிடறேன் சார்" என்று 305-க்கு ஒரு போன் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பாட்டுச் சத்தத்தில் அந்த மணி அவர்கள் காதில் விழுவதே சந்தேகம். டியூட்டி மேனேஜர் மாடிக்கு நேரில் போய், வராந்தாவில் நின்று காது கொடுத்துக் கேட்பதுதான் சரி. சத்தம் டிவியா, பேச்சா, அல்லது லிஃப்ட் மோட்டாரா என்பது அங்கேதான் தெரியும். மோட்டார் சத்தத்துக்கு யாரிடம் போய்ப் பேச முடியும்?

305-இன் கதவைத் தட்டும்போது, புகார் எந்த அறையிலிருந்து வந்தது என்று சொல்லக் கூடாது. "இந்த மாடியில எல்லாரும் தூங்குற நேரம் சார். கீழே டைனிங் ஹாலைத் திறந்து விடறேன், அங்க உட்கார்ந்து பேசலாமே" என்று மாற்று இடம் காட்டினால் பெரும்பாலும் எழுந்து வந்துவிடுவார்கள். தூங்குகிறவரைக் கிளப்புவதைவிட விழித்திருப்பவர்களை நகர்த்துவது எளிது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் சத்தம் அடங்காவிட்டால் அறை மாற்றம்தான்.

"வேற ரூம் தர்றேன்" என்ற வாக்கை, அறையைப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். கணினியில் காலி என்று காட்டும் அறை, சுத்தம் செய்யாமல் கிடக்கலாம். சுத்தமாக இருந்தாலும் லிஃப்டை ஒட்டியோ, அடுத்த அறைக்குப் போகும் உள்கதவு உள்ளதாகவோ இருக்கலாம். 304-க்கும் 305-க்கும் நடுவில் அப்படியொரு கதவு இருந்ததுதான் இவ்வளவு தொல்லைக்கும் காரணம். சுவர் தடுக்கும் சத்தத்தைக் கதவின் அடியிடுக்கு விட்டுவிடும். ஆகவே வேறு மாடியில், வராந்தாவின் கோடியில், உள்கதவு இல்லாத 412-ஐ டியூட்டி மேனேஜரே திறந்து, ஏசி, வெந்நீர், படுக்கை எல்லாம் பார்த்துவிட்டு வருகிறார். அது கொஞ்சம் உயர்ந்த அறையாக இருந்தாலும் பழைய வாடகைதான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பில்லில் ஏறுமோ என்ற பயத்தில் விருந்தினர் தயங்கமாட்டார்.

412-இன் கீ கார்டு தயார் செய்து, பெல்பாயோடு மேலே போக வேண்டும். விருந்தினரைக் கீழே வரவழைக்கக் கூடாது. பெட்டியை அவர்கள் முன்னால்தான் எடுக்க வேண்டும். அலமாரி, குளியலறை, சார்ஜர் செருகிய இடம், லாக்கர் எல்லாவற்றையும் அவர்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். பழைய கார்டுகள் அத்தனையும் கைக்கு வர வேண்டும். பல ஓட்டல்களில் கதவுப் பூட்டுக்கும் கணினிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கணினியில் அறையை மாற்றினாலும், கெடு முடியும்வரையோ அடுத்தவரின் புதுக் கார்டு அந்தப் பூட்டில் படும்வரையோ பழைய கார்டு 304-ஐத் திறந்துகொண்டே இருக்கும். வெளியே போயிருக்கும் மைத்துனர் நள்ளிரவில் திரும்பி வந்து, வேறு யாருக்கோ கொடுத்த அறையைத் திறந்தால் என்ன ஆகும்?

ஆள் மாறியும் பதிவு மாறாமல் கிடப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 4.30-க்குக் கேட்டிருந்த வேக்-அப் கால் 304-இல் அடிக்கும். 412-இல் ரயிலைத் தவறவிடுவார்கள். எழுப்பும் நேரம், காலை உணவுப் பட்டியல், சலவைக்குக் கொடுத்த துணி, பில் எல்லாவற்றிலும் அறை எண் அப்போதே மாற வேண்டும். தீ விபத்து என்று வந்தால், எந்த அறையில் யார் என்று பார்ப்பதும் இதே பட்டியலில்தான். ஹவுஸ்கீப்பிங்குக்கும் செக்யூரிட்டிக்கும் தகவல் போக வேண்டும். 304-ஐ அன்றிரவு வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

"எல்லாம் சரியா இருக்கா?" என்று அரைமணி கழித்து போன் பண்ணும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தையை நாமே எழுப்பியதாகிவிடும். அறையில் விட்டுவிட்டுக் கிளம்பும்போதே கேட்டுவிடலாம். பிறகு ஒருமுறை நான்காவது மாடி வராந்தாவில் நடந்து பார்த்தால் போதும். நடந்ததை லாக் புக்கில் நேரத்தோடு எழுதி வைத்தால், காலை ஷிஃப்டில் வருபவர், விருந்தினர் வாயைத் திறக்கும் முன்பே, "ராத்திரி தூங்க முடிஞ்சதா மேடம்?" என்று கேட்பார். அவர்கள் பெயரில் 'அமைதியான அறை, உள்கதவு வேண்டாம்' என்று ஒரு குறிப்பு ஏறினால், அடுத்த முறை வரும்போது கேட்காமலே அப்படிப்பட்ட அறை கிடைக்கும்.

அந்த லாக் புக்கை மாதம் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். 304 என்ற எண் அதில் திரும்பத் திரும்ப வந்தால், கூப்பிட வேண்டியது தச்சரை. உள்கதவின் ஓரங்களுக்கும் அடியிடுக்குக்கும் ரப்பர் பட்டை போடச் சொல்லிவிட்டு, 305-இல் டிவியைச் சத்தமாக வைத்து, 304-இல் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கட்டும்.