செட்டில்மென்ட் நின்றுபோனால் எழுத வேண்டிய கடிதம்

கார்டைத் தேய்த்ததும் மெஷினிலிருந்து சீட்டு வந்துவிடுகிறது. பணம் கடைக்காரரின் கணக்குக்கு வருவதோ பெரும்பாலும் அடுத்த வேலை நாளில்தான். அதுவரை பேமென்ட் நிறுவனம் ஒரு வங்கியில் வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் அது கிடக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி அதை நிறுவனம் தன் செலவுக்குத் தொட முடியாது. ஆனால் சந்தேகம் வந்தால் கடைக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கலாம். கடைக்காரர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் இருக்கும்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடை என்று வைத்துக்கொள்வோம். கார்டு, க்யூஆர் எல்லாம் சேர்த்து நாளுக்குச் சுமார் 15,000 ரூபாய் வரும். முகூர்த்த நேரத்தில் ஒரு கல்யாண வீட்டார் வந்து சீர்வரிசைக்குக் குத்துவிளக்கு, அண்டா, குடம் என்று 1,84,000 ரூபாய்க்கு வாங்குகிறார்கள். ஒரே கிரெடிட் கார்டில் 75,000, 75,000, 34,000 என்று மூன்று முறை தேய்க்கிறார்கள். அன்று மற்ற வியாபாரம் 16,500. மறுநாள் 2,00,500 ரூபாயும் வரவில்லை.

நிறுவனத்தின் கணினிக்குக் கல்யாணம் தெரியாது. வழக்கத்தைவிடப் பன்னிரண்டு மடங்கு தொகை, ஒரே கார்டு, அடுத்தடுத்து மூன்று தேய்ப்பு என்பது மட்டும்தான் தெரியும். சரக்கு விற்காமலே கார்டைத் தேய்த்து ரொக்கம் கொடுக்கும் கடைகளின் கணக்கும், திருட்டுக் கார்டு பயன்பட்ட கடைகளின் கணக்கும் இப்படித்தான் இருக்கும். கார்டுக்காரர் ‘இது நான் செய்த செலவு இல்லை’ என்று மாதங்கள் கழித்தும் வங்கியில் முறையிடலாம். அதற்குள் கடை மூடியிருந்தால் நட்டம் பேமென்ட் நிறுவனத்தின் தலையில் விழும். அதனால்தான் நிறுத்துகிறார்கள். நிறுத்துவதில் நியாயம் இருக்கிறது. காரணம் சொல்லாமல் நிறுத்துவதுதான் அநியாயம். மொத்த வியாபாரிக்குத் தவணை கொடுக்க வேண்டியவர் கடைக்காரர் அல்லவா?

எழுதுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். நிறுவனத்தின் ஆப்பில் அந்த செட்டில்மென்டுக்கு நேராக UTR எண் இருந்தால் பணம் அங்கிருந்து கிளம்பிவிட்டது. அப்போது கேட்க வேண்டிய இடம் உங்கள் வங்கி. On hold என்று காட்டினால்தான் நிறுவனத்துக்குக் கடிதம்.

‘என் பணம் எங்கே?’ என்று மட்டும் எழுதினால், ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற அச்சுப் பதில்தான் வரும். பாத்திரக் கடைக்காரர் இப்படி எழுதலாம்:

“ஐயா/அம்மையீர், எங்கள் மெர்ச்சன்ட் ஐடி மேலே உள்ளது. 12-ஆம் தேதி வசூலான 2,00,500 ரூபாய் நிறுத்தப்பட்டுள்ளது. அதில் 1,84,000 ரூபாய் ஒரே வாடிக்கையாளரின் திருமணக் கொள்முதல். மூன்று பரிவர்த்தனைகளின் எண்களும் கீழே உள்ளன. பில், டெலிவரி சலான், சரக்கு வாங்கிய மொத்த வியாபாரியின் பில் ஆகியவற்றை இணைத்துள்ளேன். நிறுத்தியதற்குக் காரணம் பரிவர்த்தனையா, கேஒய்சியா, வாடிக்கையாளர் புகாரா என்று தெரிவியுங்கள். வேறு என்ன ஆவணம், எந்தத் தேதிக்குள் வேண்டும்? சந்தேகத்துக்குத் தொடர்பில்லாத 16,500 ரூபாயை உடனே விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

அந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. மூன்று தேய்ப்புக்காக முழு நாளின் வசூலும் முடங்கிக் கிடக்கும். பிரித்துக் கேட்டால் சிறு தொகையாவது முன்னதாக வர வாய்ப்பு உண்டு.

எந்த ஆவணம் என்பது காரணத்தைப் பொறுத்தது. பரிவர்த்தனையில் சந்தேகம் என்றால் சரக்கு கைமாறியதைக் காட்ட வேண்டும். பில்லில் தேதியும் தொகையும் கார்டு சீட்டோடு பொருந்த வேண்டும். டெலிவரி சலானில் வாங்கியவரின் கையெழுத்து இருப்பது பெரிய பலம். மொத்த வியாபாரியின் பில் எதற்கு என்றால், அத்தனை பாத்திரம் உங்களிடம் இருந்ததற்கு அதுதான் சாட்சி. கேஒய்சி என்றால் பான் கார்டு, கேன்சல் செய்த செக், ஜிஎஸ்டி அல்லது உத்யம் சான்றிதழ், பெயர்ப்பலகை தெரியும் கடைப் படம் கேட்பார்கள். இங்கே அடிக்கடி இடறுவது பெயர்தான். பானில் உரிமையாளர் பெயரும் வங்கிக் கணக்கில் கடைப் பெயரும் இருந்தால், இரண்டும் ஒருவருடையதே என்று காட்டும் சான்றிதழையும் சேர்த்து அனுப்புங்கள்.

இவற்றை ஆப்பில் உள்ள புகார்ப் பகுதியிலோ நிறுவனத்தின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கோ மட்டும் அனுப்புங்கள். ‘கேஒய்சி முடித்துத் தருகிறேன்’ என்று போனில் ஓடிபி கேட்பவர் மோசடிக்காரர். வாடிக்கையாளரின் முழுக் கார்டு எண்ணும் யாருக்கும் தேவையில்லை. கடைசி நான்கு இலக்கம் போதும்.

சைபர் கிரைம் புகாரின் பேரில் போலீஸ் சொல்லி நிறுத்தியிருந்தால் பில்களை மட்டும் வைத்து நிறுவனம் பணத்தை விட்டுவிடாது. புகார் எண்ணையும் காவல் நிலையத்தின் பெயரையும் எழுத்தில் கேட்டு வாங்கி, அதே பில்களோடு அங்கே போக வேண்டும். மற்றபடி பதிலே வராவிட்டால், நிறுவனத்தின் இணையதளத்தில் நோடல் அதிகாரியின் முகவரி இருக்கும். முதல் கடிதத்தின் புகார் எண்ணைக் குறிப்பிட்டு அவருக்கு எழுதுங்கள்.