வினைச்சொல் எங்கே, மை லார்ட்?

2021 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பைப் படித்துவிட்டுத் திகைத்தது. நீண்ட நீண்ட வாக்கியங்கள், கண்ட இடத்தில் காற்புள்ளி. படித்து முடித்ததும் தலைக்குத் தைலம் தடவ வேண்டியிருந்தது என்றார் ஒரு நீதிபதி. 2022 ஆகஸ்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. வழக்கு ஒரு வங்கி ஊழியரின் ஒழுங்கு நடவடிக்கை பற்றியது.

குற்றவாளி நீளம் மட்டுமல்ல, இடைச்செருகல். 2019லிருந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இந்திய மொழிகளிலும் வெளியாகின்றன. தமிழிலும் இந்தியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஆங்கில வழக்கப்படி எழுவாயை முதலில் நிறுத்தினால் இப்படி ஆகும் (இது கற்பனை வாக்கியம்):

"வங்கி, துறை விசாரணையில் தரப்பட்ட குற்றச்சாட்டுப் பட்டியலுக்கு (அதன் நகல் தாமதமாகக் கிடைத்தது என்பது அவர் வாதம்) பதில் அளிக்காத ஊழியரை, தண்டனையைக் குறைக்கலாம் என்று விசாரணை அதிகாரி பரிந்துரைத்திருந்தும், அது தன்னைக் கட்டுப்படுத்தாது எனக் கருதி, பணிநீக்கம் செய்தது."

வங்கி என்ன செய்தது என்று தெரிய 26 சொற்கள் காத்திருக்க வேண்டும். நடுவே 'கிடைத்தது' வந்து, வாக்கியம் முடிந்ததுபோல் ஏமாற்றுகிறது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'அவர்' யார்? ஊழியர் இன்னும் வந்து சேரவே இல்லை.

முதல் வேலை, எழுவாயை வினைச்சொல்லின் பக்கத்தில் உட்காரவைப்பது. தமிழ் இதற்குத் தாராளமாக இடம் தருகிறது:

"குற்றச்சாட்டுப் பட்டியலுக்குப் பதில் அளிக்காத ஊழியரை வங்கி பணிநீக்கம் செய்தது. தண்டனையைக் குறைக்கலாம் என்று விசாரணை அதிகாரி பரிந்துரைத்திருந்தார். ஆனால் அது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று வங்கி கருதியது. பட்டியலின் நகல் தாமதமாகக் கிடைத்தது என்கிறார் ஊழியர்."

அந்த 'ஆனால்' முக்கியம். பழைய வாக்கியத்தின் 'பரிந்துரைத்திருந்தும்' என்ற சொல்லில், பரிந்துரையை மீறியே வங்கி நடந்தது என்ற பொருள் ஒட்டியிருந்தது. வெறுமனே துண்டு போட்டால் அது காணாமல் போய்விடும். வழக்கே அதைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றையும் வெட்டிவிடவும் முடியாது. 'ஊழியர்கள் 30 நாளில் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும்' என்று ஓர் உத்தரவு. மேல்முறையீடு நிலுவையில் உள்ளவர்களுக்கு விலக்கு என்று அடுத்த வாக்கியத்தில் சொன்னால், முதல் வாக்கியத்தை மட்டும் காட்டி யாரையும் வெளியேற்றலாம். விலக்கு அதே வாக்கியத்தில்தான் இருக்க வேண்டும், ஆனால் நடுவில் அல்ல, தலைப்பில்: 'மேல்முறையீடு நிலுவையில் உள்ளவர்கள் தவிர, மற்ற ஊழியர்கள் 30 நாளில் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும்.'

சந்தேகம் வந்தால் எழுவாயின் கீழும் வினைச்சொல்லின் கீழும் பென்சிலால் கோடு போட்டு, இடையில் உள்ளதை விரலால் மறைத்துப் படித்துப் பார்க்கலாம். மறைத்ததில் எதை இழந்தால் உத்தரவின் பொருள் மாறுகிறதோ, அது வாக்கியத்தின் முன்னால் போக வேண்டும். மற்றதெல்லாம் அடுத்த வாக்கியத்துக்கு. அடைப்புக்குறிக்குள் இருப்பது பெரும்பாலும் எழுதியவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாக இருக்கும்.